இரு கோப்புகளுக்கு நடுவே

வேர்ட் கோப்பில் திருத்துபவர் எழுத எழுத ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் வசதி உண்டு. பவர்பாயிண்ட்டில் அத்தகைய பதிவேடு இல்லாததால், ஆசிரியரின் கோப்பையும் திருத்துநரின் கோப்பையும் அருகருகே வைத்து, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுகளைப் பிறகு கணக்கிட்டுக் காட்டுவதே அதில் உள்ள வழி. 2010 பதிப்பு முதல் Review பட்டியில் Compare என்ற பெயரில் இருக்கும் இந்த வசதி, திருத்துநர் என்ன செய்தார் என்பதைச் சொல்வதில்லை. இரண்டு கோப்புகளும் எங்கெங்கே ஒத்துப்போகவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. இதன் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறப்பதிலிருந்தே பிறக்கின்றன.

ஆய்வு மாணவி ஒருவர் வாய்மொழித் தேர்வுக்காக 14 ஸ்லைடுகள் கொண்ட தொகுப்பைத் தயாரித்து நெறியாளருக்கு அனுப்புகிறார் என்று கொள்வோம். நெறியாளர் மூன்றாம் ஸ்லைடின் தலைப்பைச் சுருக்கி, ஐந்தாம் ஸ்லைடில் 38.5 என்றிருந்த விழுக்காட்டை 35.8 என்று மாற்றி, ஏழாம் ஸ்லைடை நீக்கிவிட்டு, வேறு பெயரில் சேமித்துத் திருப்பி அனுப்புகிறார். அதற்குள் மாணவி தம் கோப்பில் ஒன்பதாம் ஸ்லைடிலிருந்த எழுத்துப்பிழை ஒன்றைச் சரிசெய்திருக்கிறார். இப்போது அவர் தம் கோப்பைத் திறந்து, Compare மூலம் நெறியாளரின் கோப்பைத் தேர்ந்தெடுத்து Merge பொத்தானை அழுத்தினால், ஒன்பதாம் ஸ்லைடிலும் ஒரு மாற்றம் இருப்பதாகக் குறி தோன்றும்; நெறியாளர் தொடவே தொடாத அந்த இடத்தில், பழைய பிழையை மீண்டும் கொண்டுவருவதே அவருடைய திருத்தம் என்று நிரல் எடுத்துக்கொண்டிருக்கும். இரு கோப்புகளுக்கும் பொதுவான மூலம் எது என்று அறியாத ஒப்பீட்டில் இது தவிர்க்க முடியாதது. ஆகவே, அனுப்பிய நிலையிலேயே ஒரு பிரதியைத் தொடாமல் வைத்திருந்து, அதன் நகலோடு நெறியாளரின் கோப்பை ஒப்பிட்டு முடித்தபின், தம் சிறு திருத்தங்களைக் கையால் சேர்த்துக்கொள்வதே பாதுகாப்பானது. அவ்வாறு செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ஏற்பவர், திருத்தப்பட்ட பிழையைத் தாமே மறுபடி குடியேற்றுகிறார்.

ஒப்பீடு தொடங்கியதும் வலப்புறம் Revisions என்ற பலகம் திறக்கும். அதன் Details பகுதியில், திரையில் இருக்கும் ஸ்லைடுக்குள் நடந்த மாற்றங்களும், ஸ்லைடு சேர்த்தல், நீக்கல், தீம் போன்ற முழுத் தொகுப்பையும் சார்ந்த மாற்றங்களும் தனித்தனியாக இருக்கும். Slides பகுதியோ திருத்துநரின் ஸ்லைடு முழுமையாக எப்படி இருந்தது என்பதைச் சிறு படமாகக் காட்டும். ஒரு சொல்லை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது, ஏனெனில் உதிரி மாற்றங்களின் பட்டியலைவிட முழு ஸ்லைடே திருத்துநரின் எண்ணத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறது. குறியைச் சொடுக்கினால் கட்டங்களோடு ஒரு சிறு பட்டியல் விரியும். கட்டத்தில் டிக் இட்டால் மாற்றம் ஸ்லைடில் அமர்கிறது, எடுத்தால் பழைய நிலை திரும்புகிறது.

ஐந்தாம் ஸ்லைடில்தான் கவனம் தேவை. எண்ணை மாற்றியது நெறியாளருக்கு ஒரே செயல்; பட்டியலிலோ அது 38.5 நீக்கப்பட்டது, 35.8 சேர்க்கப்பட்டது என்று இரண்டு வரிகளாக நிற்கக்கூடும். சேர்த்ததை மட்டும் ஏற்று நீக்கியதை விட்டுவிட்டால் இரண்டு எண்களும் ஒட்டிக்கொண்டு நிற்கும். மறுதலையாகச் செய்தால் விழுக்காட்டுக் குறி மட்டும் தனித்து மிஞ்சும். இலக்கங்கள் இடம் மாறியிருக்கும் இத்தகைய திருத்தத்தில், நெறியாளர் பிழையைத் திருத்தினாரா அல்லது புதிதாக ஒரு பிழையை நுழைத்தாரா என்பதை ஒப்பீடு சொல்லாது. மாணவி தம் தரவு அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அட்டவணையில் 35.8 இருந்தால் இரண்டு கட்டங்களிலும் டிக் இடலாம். ஏழாம் ஸ்லைடு தேர்வாளர்கள் கட்டாயம் கேட்கும் மாதிரித் தேர்வுமுறையை விளக்குவதாக இருந்தால், அந்த நீக்கத்தை ஏற்காமல், நெறியாளரிடம் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

வேறொரு சிக்கலும் உண்டு: திருத்துநர் அதே கோப்பில் வேலை செய்யாமல், ஸ்லைடுகளை நகலெடுத்துப் புதுக் கோப்பில் ஒட்டித் திருத்தியிருந்தால், பழைய ஸ்லைடுகள் எல்லாம் நீக்கப்பட்டதாகவும் அத்தனையும் புதிதாகச் சேர்க்கப்பட்டதாகவும் காட்டப்படலாம். அப்படிப்பட்ட பட்டியலைக் கண்டால் இரு கோப்புகளையும் இரண்டு சாளரங்களில் வைத்துக் கண்ணால் ஒப்பிடுவதே மேல்.

End Review அழுத்தியதும் ஏற்காத மாற்றங்கள் யாவும் கைவிடப்படுகின்றன, பிறகு அவற்றை மீட்க முடியாது என்று நிரலே எச்சரிக்கிறது. அதன்பின் சரிபார்க்க விரும்பும் மாணவி, முடிவான கோப்பைத் திறந்து, நெறியாளரின் அதே கோப்போடு மீண்டும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இம்முறை பட்டியலில் ஏழாம் ஸ்லைடின் நீக்கமும், அவர் கையால் சேர்த்த ஒன்பதாம் ஸ்லைடின் திருத்தமும் மட்டுமே இருக்க வேண்டும். மூன்றாவது ஒன்று தென்பட்டால் அது தவறவிட்ட ஒரு டிக்காக இருக்கும், அதைச் சரிசெய்துகொண்டு அந்த ஒப்பீட்டைச் சேமிக்காமலே மூடிவிடலாம்.