பாக்கிக்கு வயது என்ன?

உடுமலைப்பேட்டையில் அப்பாவுக்குக் குழாய், மோட்டார் கடை. போன வருஷம் மார்ச் முதல் வாரத்தில் கடைப் பையன் எனக்கு வாட்ஸப்பில் 412 போட்டோ அனுப்பினான். எல்லாம் பணம் வராத பில்கள். வங்கியில் கேஷ் கிரெடிட்டைப் புதுப்பிக்க வேண்டும். வர வேண்டிய பாக்கி எவ்வளவு, அது எத்தனை நாளாக நிற்கிறது என்று பட்டியல் கேட்கிறார்கள். தொண்ணூறு நாளைத் தாண்டிய பாக்கியை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அப்பாவிடம் இருந்தது ஒரு மொத்தத் தொகை மட்டும்: பதினாலே முக்கால் லட்சம். "நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறியே சாமி, போட்டுக் குடு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நாலு வாரம் ஆனது.

போட்டோவில் இருப்பதைத் தட்டச்சு செய்வது பெரிய வேலை இல்லை. தேதிதான் வேலை. அப்பா எழுதும் 1ம் 7ம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். 1/7 என்பது ஜூலை முதல் தேதியா, ஜனவரி ஏழா என்பதும் அந்தந்த நாள் மனநிலையைப் பொறுத்தது. போட்டோ எடுத்த தேதி எதற்கும் உதவாது, எல்லாம் ஒரே வாரத்தில் எடுத்தவை. கடைசியில் பில் எண்தான் கைகொடுத்தது. பில் புக்கில் எண் ஏற ஏறத் தேதியும் ஏற வேண்டும். எண்ணின் வரிசையில் அடுக்கிவிட்டு, எங்கே தேதி பின்னால் போகிறதோ அந்த போட்டோவை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பத்தொரு இடத்தில் தவறு இருந்தது, பாதி நான் செய்தது. ஒவ்வொரு ஏப்ரலிலும் எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால், வருஷத்தையும் எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரே பில்லை இரண்டு முறை எடுத்ததும் தெரியும். அசலும் கார்பன் பிரதியும் தனித்தனியாக போட்டோவாகி வந்தவை நாற்பத்தைந்து. அவற்றை நீக்கியதும் பதினாலே முக்கால் பன்னிரண்டரைக்கு இறங்கியது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் வரவுகள். எங்கள் ஊரில் யாரும் இந்த பில்லுக்கு இந்தப் பணம் என்று கொடுப்பதில்லை. "ஒரு பத்தாயிரம் வச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். பேரேட்டில் பெயருக்கு நேரே வரவு ஏறும், அவ்வளவுதான். அந்தப் பத்தாயிரம் எந்த பில்லில் கழிகிறது என்பதை வைத்துத்தான் மீதிப் பாக்கிக்கு வயது.

ஒரு மேஸ்திரி. 2024 ஜனவரி 10ல் 42,000, செப்டம்பர் 5ல் 30,000, 2025 பிப்ரவரி 20ல் 28,000 என்று மூன்று பில். தீபாவளியை ஒட்டி மூன்று தடவை பத்துப் பத்தாயிரம், மார்ச்சில் இரண்டு தடவை பதினைந்தாயிரம், ஆக 60,000 கொடுத்திருக்கிறார். மீதி 40,000. நான் முதலில் எழுதிய நிரல் ஒவ்வொரு வரவையும் அப்போதைக்குக் கடைசியாக இருந்த பில்லில் கழித்தது. புது பில் இரண்டும் அடைந்துபோய், நாற்பதாயிரமும் ஜனவரி பில்லில் நின்றது. மார்ச் 31ல் அதற்கு வயது 446 நாள். மேஸ்திரி சிவப்புப் பட்டியலில் விழுந்தார். அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். "அந்தாளு மாசந்தவறாம கடைக்கு வர்றவரு. அவரையா?"

பழைய பில்லிலிருந்து கழித்தால் கதை வேறு. 42,000 முழுக்க அடைந்து, செப்டம்பரில் 18,000 கழிந்து, 12,000 மட்டும் 207 நாள் பாக்கி, மீதி 28,000 வெறும் 39 நாள். மனிதரும் பணமும் அதேதான். இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. கொடுப்பவர் எந்தக் கடனுக்கு என்று சொன்னால், அல்லது சூழ்நிலையில் அது தெரிந்தால், வாங்கியவர் அதில்தான் கழிக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கியவர் விருப்பம். இருவருமே ஒதுக்காவிட்டால் பழையதிலிருந்து வரிசையாக. 1872ல் எழுதிய சட்டம் என் நிரலைவிடத் தெளிவாக இருந்தது.

சரி, எல்லாருக்கும் பழையதிலிருந்து கழித்துவிடலாம் என்று மாற்றினேன். பட்டியல் அழகாகிவிட்டது. அதுதான் சந்தேகத்தைக் கொடுத்தது.

ஒரு தோப்புக்காரர். பாக்கி 23,500, வயது 25 நாள் என்று காட்டியது. அவருடைய வரவுகளைப் பார்த்தேன்: 4,310, 7,865, 2,140. ஒன்றுகூட வட்டமான தொகை இல்லை. அந்தந்த பில் தொகையைக் காசு பிசகாமல் கொடுத்திருக்கிறார். அதாவது எதற்குக் கொடுக்கிறார் என்பதை வாயால் சொல்லாவிட்டாலும் தொகையே சொல்கிறது. பில்லுக்கு நேராக வைத்துப் பார்த்தால் எல்லாமே அடைந்து, ஒரே ஒரு பில் நின்றது. 2022 ஏப்ரல் 22, சப்மெர்சிபிள் மோட்டார், 23,500. மூன்று வருஷமாக ஒரு பைசா வரவில்லை. புதிதாக வாங்குவதும் கொடுப்பதுமாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. நான் நம்பிய கணக்கு முறையே அதை மறைத்துக்கொண்டிருந்தது.

தவணைக் கெடு எதுவும் எழுதாமல் விற்ற சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் பாக்கியை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து மறுபடி மூன்று வருஷம். இன்னும் மூன்று வாரம் இருந்தது. பாக்கி உறுதிக் கடிதம் ஒன்றை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன், ரொம்பத் திறமையாகச் செய்துவிட்ட நினைப்பில்.

அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. "அந்த பில்லோட பின்பக்கம் போட்டோ எடுத்தானா?" என்றார்.

எடுக்கவில்லை. கட்டைப் பிரித்து எடுத்தோம். பின்னால் பென்சிலில் அப்பாவின் எழுத்து: 'காயில் எரிஞ்சுது. கட்டிக் குடுக்கணும்.' நாலாவது மாதமே மோட்டார் எரிந்திருக்கிறது. அப்பா பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மாதம்தான் அம்மாவுக்கு ஆபரேஷன். மறந்துபோயிற்று. தோப்புக்காரர் வேறெங்கோ காயில் கட்டிக்கொண்டு, இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், மற்றதற்கெல்லாம் ரொக்கம் கொடுத்து வந்திருக்கிறார். அந்தக் கடிதத்தில் அவரிடம் கையெழுத்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது.

அதைத்தான் முதலில் அடித்தோம். ஆடிட்டர் முன்பே சொல்லிவிட்டார்: அப்பா விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டும் அனுமான வரி முறையில் இருப்பதால் வாராக் கடனை அடிப்பதில் வருமான வரி குறையாது, கட்டிய ஜிஎஸ்டியும் திரும்பாது. ஆகவே வரிக்காக அடிப்பதில்லை. வராத பணத்தை வரும் என்று எண்ணி அப்பா சரக்கு எடுக்காமல் இருக்கத்தான்.

மொத்தம் பதினொரு பேர் பாக்கியை அடித்தோம், 1,38,000. கடை மூடி ஊரைவிட்டுப் போனவர்கள் ஆறு பேர், அதில் யோசிக்க எதுவும் இல்லை. என் தூரத்து மாமா ஒருவர் 31,000. "அடிச்சுடு, ஆனா அவங்கிட்டச் சொல்லாத" என்றார் அப்பா. கணக்கில் அடிப்பது நம் புத்தகத்துக்குள் நடக்கிற வேலை. கேட்கிற உரிமை அதனால் போவதில்லை. வந்தால் வந்த வருஷத்து வரவில் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் நான் தோற்றேன். இறந்துபோன பிளம்பர் ஒருவர், 6,800, வயது ஆயிரம் நாளுக்கு மேல். எந்த விதிப்படி பார்த்தாலும் அடிக்க வேண்டியது. அவர் மனைவி சந்தைக்கு வரும்போது இருநூறு, முந்நூறு கொடுத்துவிட்டுப் போவாராம். "அடிச்சுப்போட்டா அந்தம்மா குடுக்கறத நான் எதுல எழுதறது?" என்று அப்பா கேட்டார். எழுத வேறு இடம் இருக்கிறது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். ஆனால் விடவில்லை.

இப்போது பட்டியலில் அந்த ஒரு வரி மட்டும் சிவப்பில் இருக்கிறது. போன வாரம் பார்த்தபோது பாக்கி 5,900.