கொழுந்துப் படங்களைக் கலைத்துப் போடுதல்

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் எடுத்த தேயிலைப் படங்களை வைத்து, கொப்புள நோயைக் கண்டுபிடிக்கும் சின்ன மாடல் ஒன்றை நானும் தங்கச்சியும் பழக்கிக்கொண்டிருக்கிறோம். போனில் படங்கள் தேதி வரிசையில்தான் கிடக்கும். ஊவாவில் அது சும்மா வரிசை இல்லை. ஜூலை, ஆகஸ்ட் காய்ந்த காற்றடிக்கிற மாதங்கள். இலை சுத்தமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கி மலை மூட்டமாகும்போதுதான் பூஞ்சை இளங்கொழுந்தில் கொப்புளம் போடும். ஆக, முதல் பாதி நல்ல இலை, மறுபாதி நோய் இலை.

கலைக்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, வேண்டுமென்றே அப்படியே ஓட விட்டோம். கணக்குக்கு 400 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 200 நல்லது, 200 நோய். பேட்சுக்கு 20 படம். எல்லாப் படத்தையும் ஒருமுறை பார்த்து முடிப்பது ஒரு எபோக். அதில் 20 பேட்ச். ஒவ்வொரு பேட்சுக்குப் பிறகும் மாடல் தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். முதல் 10 பேட்சிலும் விடை "நல்லது" மட்டுமே. அப்போ இலையைப் பார்க்கவே தேவையில்லை. எதைக் காட்டினாலும் "நல்லது" என்றால் போதும், பிழை குறையும். 11ஆவது பேட்சில் பிழை திடீரென ஏறும். பிறகு "எல்லாம் நோய்" என்று மாறி இறங்கும். எபோக் முடிவது அந்த இடத்தில்தான். அதனால் இரண்டு வகையும் சமமாக உள்ள சோதனைப் படங்களில் பாதிதான் சரிவரும்.

பயிற்சிப் புள்ளியோ நன்றாகவே தெரியும், அதை நம்பக்கூடாது. பேட்ச் வாரியாகப் பிழையை வரைந்து பாருங்கள். ஒவ்வொரு எபோக்கிலும் அதே இடங்களில் வாள் பல் மாதிரி ஏறி இறங்கினால், கோளாறு வரிசையில்தான்.

"ஒருக்கா கலைச்சு வச்சிட்டா போதாதா அண்ணே?" என்று தங்கச்சி கேட்டாள். பெரும்பகுதிப் பிரச்சினை அதிலேயே தீரும். ஆனால் அதே 20 படம் எப்போதும் ஒன்றாகவே வரும், கடைசிப் பேட்சே எப்போதும் கடைசியாக மாடலை இழுக்கும். ஒரு பேட்சில் தற்செயலாக 15 நோய் இலை விழுந்தால் அந்தச் சாய்வு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் திரும்ப வரும். எபோக்குக்கு எபோக் கலைத்தால் சாய்வுகள் வேறு வேறு பக்கம் விழுந்து ஒன்றையொன்று சமன் செய்யும்.

பைடார்ச்சில் இதை நாம்தான் எழுத வேண்டும், தானாக நடக்காது:

```python
DataLoader(data, batch_size=20, shuffle=True)
```

டென்சர்ஃப்ளோவில் `shuffle(100)` என்று போட்டால், கையில் எப்போதும் 100 படத்தை வைத்து அதற்குள் இருந்துதான் எடுக்கும். நம் வரிசையில் முதல் 5 பேட்சும் நல்ல இலையாகவே வரும். 400 என்று கொடுத்தால்தான் முழுக்கக் கலையும்.

கலைத்தாலும் தீராத ஒன்று இருக்கிறது. நல்ல இலையெல்லாம் வெயிலிலும் நோய் இலையெல்லாம் மூட்டத்திலும் எடுத்ததென்றால், மாடல் கொப்புளத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் படிக்கும். பிறகு வெயில் நாளில் மருந்தடிக்க வேண்டிய மலையையும் "நல்லது" என்றே சொல்லும். அதற்கு மருந்து கோடில் இல்லை. மழை மாதத்தில் நல்ல இலையையும், வெயில் அடிக்கிற நேரம் பார்த்து நோய் இலையையும் தேடிப் போய் எடுக்க வேண்டும்.