பெள்ளி சொன்னதும் சீபதி கேளாததும்

யு. ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்கார’ 1965இல் கன்னடத்தில் வெளிவந்தது. ஏ. கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1976இல் வந்தபின், இந்திய இலக்கியம் பயிற்றும் வகுப்புகளில் அது நிலையான இடம் பெற்றுவிட்டது. அனந்தமூர்த்தி தம் இறுதிக் காலத்தைக் கழித்த பெங்களூரில், கன்னடம் தெரியாத தமிழ் மாணவரும் முதலில் படிக்கும் கன்னடப் புதினம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். விரும்பிப் படிப்பார்கள். பிறகு ஒருநாள், வகுப்பில் யாரேனும் பெள்ளியைப் பற்றிக் கேட்பார்கள். அப்போது விவாதம் இரண்டாகப் பிளந்துவிடும். ‘அந்தக் காலம் அப்படி’ என்பது ஒரு தரப்பு. ‘இனி இந்த நூல் வேண்டாம்’ என்பது மறுதரப்பு. இவ்விரண்டுமே நூலை மறுபடியும் திறந்து பார்க்கும் வேலையைத் தவிர்த்துவிடுகின்றன.

கதை துர்வாசபுரம் என்னும் மாத்வ அக்கிரகாரத்தில் நிகழ்கிறது. ஆசாரங்களை எல்லாம் மீறி வாழ்ந்த நாரணப்பன் காய்ச்சலில் இறந்துபோகிறான். பிராமணனாகப் பிறந்தவன், விலக்கி வைக்கப்படாதவன். ஆகவே பிராமணரே அவனுக்கு ஈமக்கடன் செய்தாக வேண்டும். செய்தால் தங்களுக்குத் தீட்டு வருமோ என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். பிணம் வீட்டில் கிடக்கும்வரை ஒருவரும் உண்ணக் கூடாது. விடை தேடிப் பிராணேசாசாரியர் ஏடுகளைப் புரட்டுகிறார், பிணம் அழுகுகிறது, வீட்டுக் கூரைகளில் கழுகுகள் வந்து அமர்கின்றன. நாரணப்பனுடன் வாழ்ந்த சந்திரி, ஈமச் செலவுக்காகத் தன் நகைகளைக் கழற்றி வைத்தவுடன், அதுவரை மறுத்தவர்களுக்குள் கடன் செய்யப் போட்டி எழுகிறது. பசியும் பேராசையும் சாத்திரமும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை இவ்வளவு நெருக்கமாக உள்ளிருந்து காட்டிய இந்தியப் புதினங்கள் மிகச் சில.

அதே நூலில்தான் பெள்ளியும் வருகிறாள். தீண்டாச் சேரியைச் சேர்ந்த இளம்பெண். அக்கிரகாரத்து இளைஞன் சீபதி இரவில் அவளைத் தேடி வருகிறான். நூல் அவளுடைய உடலை விரிவாக வருணிக்கிறது; அவள் மனத்துக்குள் புகுவதில்லை. பிராமண மனைவியர் வறண்டவர்கள், நோயாளிகள். சேரிப் பெண்கள் மண்ணின் செழுமை உடையவர்கள் என்னும் எதிர்நிலை நூல் நெடுக வருகிறது. இது சீபதி என்னும் பாத்திரத்தின் பார்வைதானே, ஆசிரியருடையது அன்றே என்று வாதிடலாம். அந்த வாதத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இந்த ஒப்பீடு வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் யாருடைய கண்வழி வருகிறது என்று பார்த்தால் போதும். சீபதியும் அப்படித்தான் காண்கிறான். துர்க்காபட்டரும் அப்படித்தான் காண்கிறார். சந்திரியோடு கூடியபின், துறவுபோல் வாழ்ந்த பிராணேசாசாரியரும் அப்படியே காணத் தொடங்குகிறார். இயல்பால் ஒன்றுக்கொன்று முரணான மூவர் ஒரே காட்சியைக் காணும்போது, அக்காட்சி பாத்திரங்களை மீறி நூலின் அமைப்புக்கே உரியதாகிவிடுகிறது. ஆசாரியரின் விழிப்புக்கு வழியாகும் உடலாகவே கீழ்ச்சாதிப் பெண்ணை இப்புதினம் பயன்படுத்துகிறது. அதை மறைத்துப் பேச இயலாது.

சந்திரியின் நிலை சற்று வேறு. அக்கிரகாரம் முழுவதும் நாள்கணக்கில் முடிக்க முடியாததை அவள் ஒரே இரவில் முடிக்கிறாள். மீன் வணிகனான ஒரு முஸ்லிமின் துணையோடு பிணத்தை எடுத்துச் சென்று எரித்துவிட்டு, ஊரைவிட்டுப் போகிறாள். கதையின் மையச் சிக்கலை அவிழ்ப்பவள் அவளே. ஆயினும் அவள் போன பிறகு, கதை அவளைப் பின்தொடரவில்லை. ஆசாரியரின் மனப்போராட்டத்தையே பின்தொடர்கிறது.

‘அந்தக் காலம் அப்படி’ என்னும் சமாதானம் இங்கே நிற்காது. ‘சம்ஸ்கார’ வெளிவருவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1933இல், சிவராம காரந்தர் ‘சோமன துடி’யை எழுதியிருந்தார். காரந்தரும் பிராமணரே. அப்புதினத்தின் மையத்தில் நிலம் கேட்டு மறுக்கப்படும் சோமன் என்னும் தீண்டப்படாதவன் நிற்கிறான். அவனுடைய மகளின் பெயரும் பெள்ளிதான். தந்தையின் கடனை அடைக்கத் தோட்ட வேலைக்குப் போகும் அந்தப் பெள்ளிக்குக் குடும்பம் உண்டு, உழைப்பு உண்டு, அவள் உடல் சுரண்டப்படுவதற்குப் பொருளியல் காரணமும் உண்டு. ஆக, வேறுவிதமாகப் பார்க்கும் வழி கன்னடத்திலேயே திறந்திருந்தது. 1965இல் அவ்வழி எடுக்கப்படவில்லை என்பதே உண்மை.

அப்படியானால் நூலை ஒதுக்கிவிடலாமா? ஒதுக்குவதற்கு முன், சீபதியும் பெள்ளியும் சந்திக்கும் காட்சியை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். பெள்ளி அவனிடம் ஒரு செய்தியைச் சொல்கிறாள். சேரிக்குள் எலிகள் வருகின்றன, மக்கள் சாகிறார்கள், செத்தவர்களைக் குடிசையோடு சேர்த்துக் கொளுத்திவிடுகிறார்கள், பேயின் சினமோ என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். அவள் விவரிப்பது பிளேக். நாரணப்பனைக் கொன்ற அதே நோய். அக்கிரகாரத்தாருக்கு அந்நோயின் பெயர் தெரிய இன்னும் பல பக்கங்கள் இருக்கின்றன. சீபதியோ, இவள் படுக்கைக்கு ஆவாள், பேச்சுக்கு ஆகமாட்டாள், வாயைத் திறந்தால் பேய்க்கதைதான் என்று எண்ணிக்கொள்கிறான். தன் உயிரையும் ஊரின் உயிரையும் காக்கக்கூடிய செய்தி அவன் காதுவரை வந்து திரும்பிப் போகிறது.

இந்த இடத்தில் நூல் சீபதியைவிட அதிகம் அறிந்திருக்கிறது. கேட்க மறுக்கும் காதை அது தெளிவாகக் காட்டுகிறது. இளமையில் தம் ஊர்ப்பக்கம் பிளேக் வந்தபோது சேரிக் குடிசைகள் எரிந்ததை அனந்தமூர்த்தியே நேர்காணலில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த நினைவு இப்புதினத்தின் விதைகளுள் ஒன்று. ஆனால் காட்டியவுடனே நூலும் சீபதியைப் போலவே அங்கிருந்து நகர்ந்துவிடுகிறது. ஒரு பிராமணப் பிணத்தை எரிப்பது எப்படி என்னும் கேள்விக்கு ஒரு புதினமே செலவாகிறது. சேரியில் பலர் எவ்விதச் சடங்குமின்றிக் குடிசைகளோடு எரிந்து போவதற்குச் சில வரிகளே கிடைக்கின்றன. ‘சம்ஸ்கார’ என்னும் சொல்லுக்கு ஈமச்சடங்கு என்றும் பொருள் உண்டு. அச்சொல் யாருக்கு உரியது, யாருக்கு உரியதன்று என்னும் கேள்வியை நூல் எழுப்பிவிட்டு, ஒரு பாதிக்கு மட்டும் விடை தேடுகிறது.

இந்தப் பலமும் இந்தக் குருட்டுத்தன்மையும் பிறப்பது ஒரே இடத்தில்தான். அக்கிரகாரத்தின் உள்ளிருந்து பார்த்ததால்தான் அதன் அழுகலை இவ்வளவு துல்லியமாகக் காட்ட முடிந்தது. உள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் சேரியை வாசலிலிருந்து மட்டும் காண முடிந்தது. முதலாவதைப் போற்றி இரண்டாவதை மன்னிப்பதும், இரண்டாவதைக் கண்டித்து முதலாவதை எறிவதும் நூலை வெட்டிப் படிப்பதே ஆகும்.

வகுப்பில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. பெள்ளியின் பேச்சுகளை மட்டும் நூலிலிருந்து தனியே எழுதி எடுத்து, தொடர்ச்சியாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம்கூட வராது. அந்தச் சிறு அளவே ஒரு விமரிசனம். அதே சமயம், அந்தச் சில வரிகளுக்குள் ஒரு கொள்ளை நோயின் வரலாறு இருப்பதும் தெரியவரும். பிறகு தேவனூர மகாதேவரின் ‘ஒடலாள’வை எடுத்து, காணாமற்போன சேவலைத் தேடி ஊரை உலுக்கும் சாக்கவ்வ என்னும் கிழவியின் குரலைக் கேட்கலாம். அதற்குப் பின் மீண்டும் துர்வாசபுரத்துக்குத் திரும்பினால், பெள்ளி வாய் திறக்கும் இடத்தில் வாசகர் சீபதியைப் போல் எழுந்து போகமாட்டார்.