குதிரை ஓட்டமும் வெறுமையாய்க் கிடந்த இரண்டாம் இலக்கமும்

மாகாண சபைத் தேர்தல் வரப்போகிறதாம் என்ற கதை மறுபடி அடிபடத் தொடங்கிவிட்டது. தேதி அறிவிக்கும் முன்பே நம்மட வட்ஸ்அப் குழுமங்களில் "யாருக்கு எத்தனை ஆசனம்" என்ற கணக்கும் வந்துவிட்டது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. ஆசிரியர் ஓய்வறையில் நாங்கள் சிலர் பல நாளாகப் பேசிவந்த ஒரு விடயத்தை ஊராரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தோம். பொறுமையாக வாசியுங்கள்.

2024 ஜனாதிபதித் தேர்தலை எடுத்துக்கொள்வோம். அந்த ஓகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஊரில் கேட்ட ஒரே கேள்வி "யார் வெல்லுவார்?" என்பதுதான். தேத்தண்ணிக் கடையிலும் அதுதான், ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலடியிலும் அதுதான். தொலைக்காட்சியைப் போட்டால் எந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு சனம், எந்த எம்.பி எந்தப் பக்கம் தாவினார், எந்தக் கருத்துக்கணிப்பில் யார் முன்னுக்கு. முஸ்லிம் கட்சிகளைப் பற்றிய செய்தி என்றால் இன்னும் மோசம். தலைவர் யாரோடு நிற்கிறார், அவரோடு இருந்தவர் யாரோடு போனார் என்பதோடு செய்தி முடிந்துவிடும். குதிரைப் பந்தயத்துக்கு வர்ணனை சொல்வது போலத்தான். எந்தக் குதிரை முந்துகிறது என்று தெரியும், அது எங்கே போகிறது என்று தெரியாது.

பிரதான வேட்பாளர்களின் கொள்கைப் பிரகடனங்கள் ஓகஸ்ட் கடைசி வாரத்தில்தான் வெளிவந்தன. தேர்தல் கடமைக்குப் போகும் எங்களைப் போன்ற அரச ஊழியர்களுக்குத் தபால்மூல வாக்களிப்பு செப்டம்பர் 4, 5, 6ஆம் திகதிகளில். அதாவது வாசித்து யோசிக்க ஏறக்குறைய ஒரு கிழமை. அந்த ஒரு கிழமையிலும் எங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தவற்றில் பிரகடனத்தின் ஒரு பக்கம்கூட இல்லை. வந்ததெல்லாம் வட்டவட்டமான வரைபடங்கள், 40 வீதம், 30 வீதம், 20 வீதம். யார் எடுத்தது, எத்தனை பேரிடம் கேட்டது, எப்போது கேட்டது என்று எதுவும் அவற்றில் எழுதியிருக்கவில்லை.

சரி, இதனால் வாக்காளருக்கு என்ன நட்டம்? பலவிதமாகச் சொல்லலாம். ஆனால் எண்ணிப் பார்க்கக்கூடிய நட்டம் ஒன்று இருக்கிறது.

கடைக்கார காக்கா ஒருவர் அப்போது எங்களிடம் சொன்னது இது: "சேர், எனக்குப் புடிச்ச ஆள் வேற. ஆனா அவர் வெல்ல மாட்டார் எண்டு எல்லாரும் செல்றாங்க. வீணா ஏன் வோட்டப் போடணும்?" இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்து போல, அதிகம் எடுத்தவர் வென்றார் என்று முடியும் முறையில் இந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. நமது ஜனாதிபதித் தேர்தலில் அது அநாவசியமான பயம். 1, 2, 3 என்று இலக்கமிடும் வசதி வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் யாரும் எடுக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மட்டும் மறுபடி எடுத்து, அதில் 2 என்ற இலக்கம் மிஞ்சியிருக்கும் இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருடைய கணக்கில் சேர்ப்பார்கள். 2 வேறொரு நீக்கப்பட்டவருக்கு இருந்தால் 3ஐப் பார்ப்பார்கள். ஆக, அந்தக் காக்கா தனக்குப் பிடித்தவருக்கு 1 போட்டு, முன்னுக்கு நிற்கும் இருவரில் தனக்கு ஓரளவு பரவாயில்லை என்று படுபவருக்கு 2 போட்டிருந்தால் அவருடைய வாக்கு எந்த வகையிலும் வீணாகாது.

நமது ஆட்களைக் குழப்புவது "விருப்பு வாக்கு" என்ற சொல். பாராளுமன்றத் தேர்தலிலும் விருப்பு வாக்கு உண்டு. ஆனால் அது கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு அதே கட்சியின் மூன்று வேட்பாளர்களின் இலக்கங்களுக்குப் புள்ளடி போடுவது. அங்கே மூன்றும் சமம், வரிசை கிடையாது. ஜனாதிபதித் தேர்தலில் வரிசைதான் எல்லாமே. பெயர் ஒன்று, வேலை வேறு. வெறும் புள்ளடி ஒன்றை மட்டும் போட்டால் அது முதலாம் விருப்பாக எடுக்கப்படும், வாக்குச் செல்லும். ஆனால் இரண்டாம் சுற்றில் அந்தச் சீட்டுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டார். அதனால் 2ஆம் இலக்கத்துக்கு வேலையே வரவில்லை. 2024 செப்டம்பர் 22ஆம் திகதிதான் முதல் தடவையாக அது தேவைப்பட்டது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம். மற்றவர்கள் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ரணில் விக்கிரமசிங்க மட்டும் கிட்டத்தட்ட 23 இலட்சம் வாக்குகள் எடுத்திருந்தார்.

இப்போது கணக்குக்கு வருவோம். நீக்கப்பட்ட வேட்பாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து விழுந்தவை சுமார் 33 இலட்சத்து 21 ஆயிரம் வாக்குகள். இரண்டாம் எண்ணிக்கையில் அநுரவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்குச் சேர்ந்தவை 167,867. இரண்டையும் கூட்டினால் 2 இலட்சத்து 73 ஆயிரம். அதாவது நூறு சீட்டில் எட்டுச் சீட்டுத்தான் இரண்டாம் சுற்றிலும் பேசியது. மீதி 30 இலட்சத்துக்கு மேற்பட்டவை முதல் சுற்றோடு மௌனமாகிவிட்டன. கடைசியில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 12 இலட்சம்.

இதை வைத்து "முடிவே மாறியிருக்கும்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அப்படிச் சொல்ல முடியாது. 30 இலட்சம் பேரும் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்று அந்தச் சீட்டுகளில் இல்லை. சிலர் "இருவரும் வேண்டாம்" என்று தெரிந்தே வெறுமையாக விட்டிருப்பார்கள். அதுவும் அவர்களுடைய உரிமை. சிலருடைய 2, 3 இரண்டுமே நீக்கப்பட்டவர்களுக்குப் போயிருக்கும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: வெறுமையாக விட்டவர்களில் எத்தனை பேர் தெரிந்து விட்டார்கள், எத்தனை பேர் தெரியாமல் விட்டார்கள்? தேர்தல்கள் ஆணைக்குழு விளக்கம் கொடுக்காமல் இல்லை. ஆனால் மணிக்கணக்கில் நடந்த விவாதங்களில், முதல் சுற்றிலேயே 50 வீதம் கிடைக்குமா என்று அலசிய நேரத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீட்டில் எப்படி இலக்கமிடுவது என்பதற்குக் கொடுத்திருந்தால் அந்தக் காக்காவுக்குப் பதில் கிடைத்திருக்கும். இரண்டாம் சுற்று வரலாம் என்பதைச் சுவாரசியமான செய்தியாகச் சொன்னார்கள். அது வந்தால் உன் கையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. எங்கள் ஊர் மேடைகளிலோ "எங்கள் ஆளுக்கு மட்டும் போடுங்கள், வேறு எதுவும் எழுத வேண்டாம்" என்றுதான் சொன்னார்கள். மேடைக்காரரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

பிறகு தரம் 11 பிள்ளைகளோடு குடியியல் பாடத்தில் இதைச் செய்துபார்த்தோம். மாணவர் தலைவருக்கு மூன்று பேர் போட்டி, 41 சீட்டுகள். முதல் எண்ணிக்கையில் 17, 13, 11. மூன்றாமவர் நீக்கப்பட்டார். அவருடைய 11 சீட்டுகளில் ஏழு இரண்டாமவருக்கு, ஒன்று முதலாமவருக்கு, மூன்று வெறுமை. முடிவு 20க்கு 18. முன்னுக்கு நின்றவர் தோற்றுவிட்டார். வெறுமையாக விட்ட மூன்று பேரும் "சேர், இப்ப எழுதலாமா?" என்று கேட்டார்கள். வகுப்பே சிரித்தது. இதைப் புரியவைக்க எடுத்தது ஒரு பாடவேளை, 40 நிமிடம்.

கருத்துக்கணிப்பே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. முறையாக எடுத்தால் அது பயனுள்ள சாமான்தான். எப்படி வாசிப்பது என்று தெரிய வேண்டும். நாடு முழுவதும் 1000 பேரைக் குலுக்கல் முறையில் தெரிவுசெய்து கேட்டால் வரும் வீதத்தில் ஏறக்குறைய 3 கூடலாம், 3 குறையலாம். ஆகவே 36, 34 என்று வந்தால் யார் முன்னுக்கு என்று சொல்லவே முடியாது. "முஸ்லிம்களின் ஆதரவு யாருக்கு" என்று அதே கணிப்பிலிருந்து ஒரு வரைபடம் வந்தால் இன்னும் கவனம் தேவை. நாம் நாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு. அப்படியென்றால் அந்த 1000 பேரில் நம்மவர்கள் 100 பேர் வரைதான். 100 பேரிடம் கேட்டதில் பிழை 10 வீதம் அளவுக்கு இரு பக்கமும் போகும். 45 என்று போட்டிருந்தால் உண்மை 35 ஆகவும் இருக்கலாம், 55 ஆகவும் இருக்கலாம். காத்தான்குடியையும் பேருவளையையும் புத்தளத்தையும் அந்த 100 பேருக்குள் அடக்கி "முஸ்லிம்கள் முடிவு செய்துவிட்டார்கள்" என்று தலைப்புப் போடுகிறார்கள். முகநூலில் விரும்பியவர் அமுக்கும் கணிப்புக்கு இந்தக் கணக்குக்கூடப் பொருந்தாது. அங்கே கேட்கப்பட்டவர்கள் யாருமில்லை, வந்தவர்கள் மட்டும்தான்.

இன்னொரு விளைவும் உண்டு. அமெரிக்காவில் கப்பெல்லா, ஜேமிசன் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் ஒரு நூல் எழுதினார்கள். ஒரே தேர்தல் செய்தியைச் சிலருக்குக் கொள்கை பற்றியதாகவும், வேறு சிலருக்கு வெல்லும் தந்திரம் பற்றியதாகவும் எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். தந்திரச் செய்தியை வாசித்தவர்களிடம் அரசியல்வாதிகள் மீதான அவநம்பிக்கை கூடுதலாக இருந்தது. "எல்லாரும் கள்ளன்தான்" என்று நம்மட ஊரில் சொல்லும்போது அதில் அனுபவமும் இருக்கிறது, இந்த வர்ணனையைக் கேட்டுக் கேட்டு வந்த சலிப்பும் இருக்கிறது.

அந்த வர்ணனைக்குள் அமுங்கிப்போன கேள்வி ஒன்றை மட்டும் சொல்கிறோம். 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 15 இலிருந்து 18 வீதமானது. கொப்பி வாங்கும் பெற்றோருக்கு அது தெரியும். வரியில் சலுகை தருவோம் என்ற பேச்சு மேடைகளில் தாராளமாக இருந்தது. மறுபக்கம், சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டின்படி 2025 முதல் அரசாங்கம் கடன் வட்டி நீங்கலாக, செலவை விட வருமானத்தை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் கூடுதலாகக் காட்ட வேண்டும். அப்படியானால் ஒரு பொருளில் குறைக்கும் வரியை வேறெங்கே எடுப்பீர்கள், அல்லது எந்தச் செலவை வெட்டுவீர்கள்? எந்தச் சின்னத்துக்கு வாக்குக் கேட்டு வந்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்கலாம். எங்கள் ஊருக்கு வந்த பேச்சாளர்களிடம் யாரும் கேட்டதாக எங்களுக்கு ஞாபகம் இல்லை. "எத்தனை வீதம் எடுப்பீங்க?" என்று கேட்டார்கள், அவர்களும் சந்தோசமாகப் பதில் சொன்னார்கள்.

மாகாண சபைத் தேர்தல் வந்தால் பாடசாலைக் கட்டடம், ஆசிரியர் பற்றாக்குறை, கிராமிய வைத்தியசாலை, மாகாண வீதி எல்லாம் அந்தச் சபையின் கையில்தான். எங்கள் கோட்டத்தில் கணித, விஞ்ஞான ஆசிரியர் எத்தனை பேர் குறைவு என்ற பட்டியலை நாங்கள் தயார் செய்துகொண்டிருக்கிறோம். வேட்பாளர் யார் வந்தாலும் அதைக் கையில் கொடுத்துத்தான் பேச்சைத் தொடங்குவதாக இருக்கிறோம். உங்கள் ஊர்ப் பட்டியல் இருந்தால் பின்னூட்டத்தில் போடுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்.