முடியப்பன் என்னும் பெயர்

சென்ற மே மாத இறுதியில் நமது பங்குப் பள்ளியின் தலைமையாசிரியர் பணி ஓய்வு பெற்றார். ஒன்பது ஆண்டுகள் அவர் தலைமையாசிரியராகவும் நாம் தாளாளராகவும் ஒரே வளாகத்தில் உழைத்தோம். பிரிவு உபசார விழாவில் முதன்மை உரை நம்முடையது என்று ஆசிரியர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவருடைய பெயர் முடியப்பன். அந்தப் பெயரின் பொருளையே உரைக்குக் கருவாகக் கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றியது. எளிய வேலை என்றுதான் எண்ணினோம்.

பெயரை வைத்துப் பேசுவது நம் மக்களுக்குப் பழகிய முறை. நமக்கு மறைபோதித்த பழைய குருக்கள் புனிதர்களின் பெயர்களை ஒலியளவில் மட்டும் கொண்டுவரவில்லை. பலவற்றைப் பொருளறிந்து தமிழாக்கினார்கள். 'கடவுள் அருள்கூர்ந்தார்' எனப் பொருள்படும் எபிரேயப் பெயர் அருளப்பர் ஆயிற்று. இலத்தீனில் 'சிறியவர்' என்று பொருள்படும் பவுல், சின்னப்பர் ஆனார். கிரேக்க மொழியில் 'ஸ்தெபானோஸ்' என்றால் முடி; ஆகவே முதல் வேதசாட்சியான ஸ்தேவான் முடியப்பர் ஆனார். ஆங்கிலத்தில் ஸ்டீபன் என்று அழைக்கப்படுகிறவர் தம் பெயரின் பொருளை அகராதியில் தேடவேண்டும். முடியப்பன் என்று பெயர் பெற்றவருக்கோ பொருள் பெயரிலேயே வெளிப்படையாக நிற்கிறது.

வெளிப்படையாக நிற்பதில் தொல்லையும் உண்டு. முடி என்றால் மகுடம், மயிரும் முடிதான். நம் தலைமையாசிரியருக்கோ தலையில் மயிர் இல்லை. மாணவர்கள் இதை எத்தனை விதமாகச் சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். விடுமுறை கேட்டால் எளிதில் தரமாட்டார் என்பதால் 'முடியாதப்பன்' என்ற பெயரும் வழங்கிற்று. நமது முதற் குறிப்பில் இவ்விரு வேடிக்கைகளையும் எழுதி வைத்திருந்தோம். பிறகு, நாற்பது ஆண்டுகளாக அவர் கேட்டுச் சலித்ததை விடைபெறும் நாளிலும் மேடையேறிச் சொல்வதா என்று நாணி, முதலாவதை அடித்துவிட்டோம். இரண்டாவதை அடிக்கக் கை வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

முன்னுரையாக, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், டிசம்பர் 26, புனித முடியப்பர் திருநாளில் பிறந்த குழந்தை இவர் என்று அழகாக ஒரு வாக்கியம் அமைத்திருந்தோம். நல்ல வேளையாக அவரிடமே கேட்டுவிட்டோம்.

"இல்லை சாமி, நான் ஆகஸ்டில் பிறந்தேன். அது பாட்டனார் பெயர். பனையேறி. நான் பிறப்பதற்கு முந்திய வருஷம் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார்" என்றார்.

பெயரை வைத்துப் பேசப் புகுகிறவர் முதலில் அறிய வேண்டியது, அகராதி என்ன சொல்கிறது என்பதன்று. அந்தப் பெயரை யார், ஏன் இட்டார்கள் என்பதே. அந்த ஒரு கேள்வியைக் கேளாதிருந்தால், அவருடைய தமக்கையார் முன்வரிசையில் அமர்ந்திருக்க, இல்லாத பிறந்தநாளைக் கொண்டாடியிருப்போம்.

அடுத்து, குருமடத்தில் கற்ற கிரேக்கத்தைத் தூசு தட்டினோம். 'ஸ்தெபானோஸ்' அரசனின் மகுடமன்று. அரசர்கள் தலையில் கட்டிய பட்டத்துக்கு 'தியாதேமா' என்று வேறு சொல் உண்டு. ஸ்தெபானோஸ் என்பது இலையாலும் தழையாலும் வளைத்துக் கட்டிய கண்ணி. ஓட்டத்தில் வென்றவன் தலையில் சூட்டுவது. ஒலிம்பியாவில் அது காட்டு ஒலிவத் தழை. கொரிந்து நகருக்கு அருகில் நடந்த இஸ்துமியப் பந்தயத்தில் ஊசியிலை மரமாகிய பைன் மரத்தின் தழை. கொரிந்தியருக்கு எழுதுகையில் பந்தய வீரர்கள் பெறும் அழிந்துபோகும் முடியைப் பவுல் குறிப்பிடுவது, வாடிப்போகும் இத்தகைய தழையை எண்ணித்தான். நம் பண்டைத் தமிழர் வெற்றிக்குச் சூடிய வாகையே இதற்கு நெருங்கிய உறவு. ஆண்டவரின் தலையில் சேவகர் வைத்த முள்முடிக்கும் நற்செய்தியாளர் இதே ஸ்தெபானோஸ் என்ற சொல்லைத்தான் இட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதிப் பார்த்தபோது ஆறு பக்கம் ஆயிற்று. விழாவில் மாணவர்கள் வெயிலில் அமர்ந்திருப்பார்கள். நமக்கு ஒதுக்கிய நேரம் எட்டு நிமிடம். ஒலிம்பியாவும் பட்டமும் போயின. தழைக்கண்ணி மட்டும் நின்றது.

புனிதரின் வரலாற்றிலிருந்து எதை எடுப்பது என்பதிலும் இடறினோம். வேதசாட்சி, கல்லெறி, திறந்த வானம் என்று தொடங்கினால் கேட்போர் உருகுவார்கள். ஆனால் ஓய்வூதியம் பெற்று வீட்டுக்குப் போகிற மனிதரை வேதசாட்சி என்றால் அவரே கூசிப்போவார். ஆகவே திருத்தூதர் பணிகள் ஏழாம் அதிகாரத்தை விட்டு ஆறாம் அதிகாரத்துக்குப் போனோம். அங்கே, அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியோர் முறையிடுகிறார்கள். அதைச் சரிசெய்ய எழுவர் தெரிந்தெடுக்கப்படுகிறார்கள். எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்டவர்களின் மொழி அறிந்தவர்களிடம் பந்தி ஒப்படைக்கப்பட்டது போலும். அந்த வரிசையில் முதற்பெயர் முடியப்பர்.

நமது முடியப்பனையும் ஒன்பது ஆண்டுகளாக நாம் பந்தியில் கண்டோம். மதிய உணவு வேளையில் அவர் அலுவலறையில் இருந்ததில்லை. கரண்டி பிடிப்பவரின் பக்கத்தில் நிற்பார். வரிசையின் கடைசிப் பிள்ளைக்கு முட்டை வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே தம் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பார். இதை உரையில் சொல்லும்போது, பெயரின் பொருளை நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். முட்டை கிடைத்தவர்கள் அவர்கள்தாம்.

இனி 'முடியாதப்பன்'. சில ஆண்டுகளுக்கு முன் பங்குக்கு வேண்டிய ஒருவர், தம் உறவினர் பையனின் மாற்றுச் சான்றிதழில் பிறந்த ஆண்டை ஒன்று குறைத்துத் தரும்படி கேட்டார். வகுப்பறைக் கூரைக்கு நன்கொடை தருவதாக அவர் வாக்களித்திருந்த நேரம். நாம் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, 'ஆவன செய்க' என்று தலைமையாசிரியருக்கு அனுப்பினோம். அவர் சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நேரில் வந்தார்.

"முடியாது சாமி. இதில் பையனின் தகப்பனார் கையெழுத்து இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். நமது சீட்டை மேசைமேல் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அதைக் கோப்பில் சேர்க்கவில்லை. நன்கொடை வரவில்லை. நாமோ அவரோடு ஆறு மாத காலம், பள்ளி அலுவல் தவிர ஒரு சொல் பேசவில்லை. அந்தச் சீட்டைத் திருப்பித் தந்து நம்மைக் காத்தவரும் அவரே என்பது நமக்கு வெகு காலம் கழித்தே உறைத்தது.

விழாவில் இதை விரித்துரைக்க இயலாது. சம்பந்தப்பட்டவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆயினும் விட்டுவிட மனம் ஒப்பவில்லை. ஆகவே இவ்வளவே சொன்னோம்: "இவரை நீங்கள் என்ன பெயரிட்டு அழைக்கிறீர்கள் என்பது நமக்குத் தெரியும். நமக்கும் ஒருமுறை அந்தச் சொல்லைச் சொன்னார். அன்று அவர் சொன்னது சரி. நாம் கேட்டது தவறு. அதற்காக இவரிடம் இன்று மன்னிப்புக் கேட்கிறோம்."

கூட்டத்துக்கு விவரம் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. தலைகுனிந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொன்னாடைக்குப் பதிலாக, அவருடைய பாட்டனாரை நினைத்து, குருத்தோலையில் பின்னிய கண்ணி ஒன்றைச் செய்வித்து வைத்திருந்தோம். அதை வழுக்கைத் தலையில் வைத்தபோது பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். தலையைவிடக் கண்ணி சற்றுப் பெரிது, காதுவரை இறங்கிவிட்டது. அவர் அதைக் கழற்றாமலே ஏற்புரைக்கு எழுந்தார்.

"சாமி எட்டு நிமிடம் என்றார்கள், பதினொன்று ஆயிற்று. நான் ஒன்றே சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புக் கூரை இன்னும் ஒழுகுகிறது. மழைக்கு முன்னே பார்த்துவிடுங்கள்" என்று சொல்லி அமர்ந்துவிட்டார்.