பெரட்டுக்கு எதற்குச் சிவப்பு வட்டம்?

ஓய்வுபெற்ற பிறகும் ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளிலிருந்து தவணைப் பரீட்சைத் தாள்களை மீள்பரிசோதனைக்கு என்னிடம் அனுப்புவார்கள். அண்மையில் அப்படி வந்த உயர்தர வகுப்புக் கட்டுரை ஒன்றில் ஓர் இளம் ஆசிரியர் ஒரே பந்தியில் ஒன்பது சிவப்பு வட்டம் போட்டிருந்தார். மொழிக்குரிய பத்துப் புள்ளியில் ஒன்றைத்தான் கொடுத்திருந்தார். ஓரத்தில், ‘தோட்டத்துப் பேச்சு; கட்டுரை மொழியல்ல’ என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்புத்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

பந்தி இதுதான்:

‘காலையில் பெரட்டு முடிந்ததும் அம்மா மலைக்குப் போவார். பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மாலையில் களைத்துப்போய் லயத்துக்குத் திரும்புவார். அஸ்வெசும கொடுப்பனவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இதையெல்லாம் கம்பனி இக்னோர் பண்ணுகிறது. தொழிற்சங்கமும் சீரியஸா எடுப்பதில்லை. ஸோ, பிரச்சினை சால்வ் ஆகாமல் இருக்கிறது.’

பெரட்டு, முழுப்பேர், அரைப்பேர், லயம், அஸ்வெசும, இக்னோர், சீரியஸா, ஸோ, சால்வ் ஆகிய ஒன்பதுக்கும் வட்டம். கிலோவுக்கும் கம்பனிக்கும் வட்டம் இல்லை. அவையும் வெளியிலிருந்து வந்த சொற்கள்தானே? நகரத்துக் கடையில் புழங்கும் பிறமொழிச் சொல் கண்ணை உறுத்துவதில்லை, தோட்டத்தில் புழங்குவது மட்டும் உறுத்துகிறது. இதற்குப் பெயர் மொழித் தூய்மை அல்ல.

முதல் ஐந்து வட்டங்களுக்கும் ஒரு புள்ளிகூடக் குறைக்கக் கூடாது. பெரட்டை ‘காலை அணிவகுப்பு’ என்று மாற்றினால் படிப்பவர் மனதில் படைவீரர்கள்தான் வருவார்கள். ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது வராது. அரைப்பேரை ‘அரைநாள் சம்பளம்’ என்று திருத்தினால் இன்னும் மோசம். அந்தத் தாய் அரைநாள் வேலை செய்யவில்லை. நாள் முழுவதும் மலையில் நின்றிருக்கிறார். நிறை குறைந்ததால் பாதிப் பேர்தான் விழுந்தது. அந்த அநியாயம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. லயம் ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்தான். ஆனால் மரம், மரத்துக்கு என்பதைப் போல லயம், லயத்துக்கு என்று அது தமிழ் வேற்றுமையை ஏற்று எத்தனையோ தலைமுறையாகிவிட்டது. அஸ்வெசும 2023இல் தொடங்கிய அரசாங்க நலன்புரித் திட்டத்தின் பெயர். அதற்கு முந்திய சமுர்த்தியைப் போலவே சிங்களப் பெயராகவே தமிழிலும் வழங்குகிறது. அரசாங்கம் வைத்த பெயருக்குப் பிள்ளையிடம் புள்ளி வெட்டலாமா?

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் மலையகத்தவர் அல்லர். நான் முதன்முதலாக விடைத்தாள் திருத்தப் போன குழுவுக்குத் தலைமை தாங்கிய யாழ்ப்பாணத்துப் பெரியவர். எங்கள் மலையகத் தாள் ஒன்றில் ‘கொந்தரப்பு’ என்று வந்தபோது குழுவில் ஒருவர் உடனே வெட்டினார். பெரியவர் அவரைப் பார்த்து, “உமக்கு விளங்காத சொல்லை உம்மால் எப்படிப் பிழை என்று சொல்லேலும்?” என்று கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி அதன் பொருளைக் கேட்டார். நாட்சம்பளம் இல்லாமல் செய்த வேலைக்கு மொத்தமாகப் பேசிக் கொடுப்பது என்றேன். சட்டைப்பையிலிருந்து சிறு கொப்பியை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அடுத்த நாள் காலை, வேலை தொடங்குமுன் அந்தக் கொப்பியிலிருந்த சொற்களை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். ஒருவர் வெட்டும் சொல்லை இன்னொருவர் விடக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர்.

அவருடைய முறை எளிது. முதல் வாசிப்பில் பேனையைக் கையில் எடுக்கக் கூடாது. இரண்டாம் வாசிப்பில் கலப்பான இடங்களைப் பென்சிலால் கோடிட்டு, இனம் பிரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் புள்ளி. ஒரே வகைப் பிழை எத்தனை தரம் வந்தாலும் ஒரு பிழைதான். ஐயமான தாளை இருவர் தனித்தனியே பார்ப்பார்கள். இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேசுவார்கள். மொழியில் புள்ளி குறைத்த பிழைக்காகக் கருத்திலும் குறைக்கவே கூடாது.

மிச்ச நான்கு வட்டங்களில்தான் உண்மையான சிக்கல். இக்னோர் பண்ணுகிறது, சால்வ் ஆகாமல் இரண்டும் ஒரே வகை. ஆங்கில வினையை எடுத்துப் ‘பண்ணு’, ‘ஆகு’ ஒட்டிவிட்டால் எந்த வினையும் தமிழுக்குள் வந்துவிடும். எழுதுபவருக்குத் தெரிய வேண்டியது பண்ணுகிறது, பண்ணினார் என்ற விகுதி மட்டும். ஆகவே இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பிள்ளையிடம் தமிழ் வினை இருக்கிறதா என்பது. விடை அந்தத் தாளிலேயே இருக்கும். இந்த மாணவி மூன்றாம் பக்கத்தில் ‘கோரிக்கையைப் புறக்கணித்தனர்’ என்று எழுதியிருக்கிறாள். சொல் அவளிடம் இருக்கிறது. பேச்சுநடை சறுக்கி உள்ளே வந்திருக்கிறது. ஒரு புள்ளி குறைத்தேன். தாள் முழுக்க டெவலப் பண்ணு, மெயின்டெயின் பண்ணு என்றே வந்து, சிந்தனையைச் சொல்லும் தமிழ் வினை ஒன்றுகூட இல்லையென்றால் மூன்று குறைப்பேன். அது சறுக்கல் அல்ல, சொல்வளம் இல்லாமை.

சீரியஸாவில் நான் பார்ப்பது ஈற்றை. ‘தீவிரமா’ என்று எழுதியிருந்தாலும் அது பிழைதான். எழுத்துநடைக்கு ‘ஆக’ வேண்டும். அதற்கு ஒன்று. ஸோவுக்கு இரண்டு. இது ஒரு சொல் சம்பந்தப்பட்ட விடயம் அல்ல. அவள் தாளில் ஸோ மூன்று தரம் வருகிறது. ஓரிடத்தில் ஆகவே, ஓரிடத்தில் ஆனாலும், ஓரிடத்தில் வெறும் இழுவை. வாதக் கட்டுரையில் ஒரு வாக்கியம் முந்தியதோடு எப்படி ஒட்டுகிறது என்பதை இணைப்புச்சொல்தான் சொல்ல வேண்டும். அது சொல்லாவிட்டால் வாதமே தளர்ந்துவிடும். மொத்தம் நான்கு குறைத்து ஆறு கொடுத்தேன். பெரட்டு என்றால் என்ன என்று வெளியாருக்கு ஒரு வரியில் விளக்கியிருக்கலாம் என்று ஓரத்தில் எழுதினேன். அதற்குப் புள்ளி வெட்டவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துப் பின் அமெரிக்கா போன சுரேஷ் கனகராஜா, கல்விசார் எழுத்திலும் மொழி வகைகளைப் பின்னி எழுதலாம் என்று 2006இலேயே வாதிட்டார். பாதித் தூரம் நான் அவரோடு போவேன். பின்னல் தெரிந்தே செய்ததாக இருக்க வேண்டும். மேற்கோள் குறியோ விளக்கமோ அதைக் காட்ட வேண்டும். கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டது பின்னல் ஆகாது.

இந்தத் தலைமுறை ஆசிரியர்களுக்கு அந்தப் பெரியவரின் பொறுமை இல்லை. வகுப்பில் தெளிவத்தை ஜோசப்பின் கதையை நடத்தும்போது மண்வாசனை என்று பாராட்டுகிறார்கள். அதே சொல்லை அவர் எழுதிய அதே மக்களின் பிள்ளை எழுதினால் வட்டம் போடுகிறார்கள். ரியூசன் வகுப்பில் மனப்பாடம் செய்த மாதிரிக் கட்டுரையில் கலப்பே இருக்காது. ‘தேயிலைத் தோட்டம் இயற்கையன்னையின் பச்சைக் கம்பளம்’ என்று தொடங்கும். அதற்கு ஒன்பது, பத்து என்று அள்ளிக் கொடுக்கிறார்கள். அதில் யாருடைய மொழித்திறனை அளந்தார்கள்? எழுதிக் கொடுத்தவருடையதையா?

திருத்தும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வட்டம் போடுமுன் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, நீங்கள் வைக்க நினைக்கும் தமிழ்ச்சொல்லை அந்த இடத்தில் வைத்து வாக்கியத்தை வாசித்துப் பாருங்கள். பொருள் குறையாமல் நின்றால் புள்ளியைக் குறையுங்கள். பொருள் மாறினால் பிள்ளை எழுதியதுதான் சரி.