ஷிப்ட்டுக்குள் காணாமல் போற ஓடி

எங்கட வெருகல் பக்கத்தில செக்யூரிட்டி வேலைக்குப் போற அண்ணாமாரிடம் நாங்கள் கேட்கிறது ஒன்றுதான்: "ஷிப்ட்டுக்கு எவ்வளவு?" பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்வார்கள். ஓடி காணாமல் போவது அதற்குள்தான்.

2025 ஏப்ரலில் இருந்து அந்த வருட முடிவு வரை தேசியக் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,080 ரூபாவாக இருந்தது. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 135. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 202.50. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை நின்றால் மேலதிகம் நாலு மணித்தியாலம், 810 ரூபா. ஆக, அப்போது ஒரு ஷிப்ட்டுக்கு 1,890. சாப்பாட்டு நேரம் என்று ஒரு மணித்தியாலத்தைக் கழிப்பார்கள். கேற்றை விட்டு நகர ஏலாமல் பார்சலைப் பிரிக்கிறவருக்கு அது ஓய்வா? எங்களுக்கு அப்படித் தெரியவில்லை.

கிழமை லீவு இதைவிட மோசம். மாற்றாள் வராவிட்டால் அன்றைக்கும் அவர்தான். சம்பளச் சிட்டையில் முப்பது ஷிப்ட்டும் ஒரே விலையில் இருந்தால், லீவு நாளும் சாதாரண நாளாகிப் போச்சு என்று அர்த்தம்.

வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்து வைக்கிற புத்தகம் கம்பனியின் கையில்தான் இருக்கும். அண்ணாமாரே, அந்தப் பக்கத்தை மாதாமாதம் போனில் படம் எடுத்து வையுங்கோ. தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாட்டோடு போற நாளில், நின்ற மணித்தியாலத்தைக் காட்ட அது வேணும்.